பழைய வேலைகளுக்கு நான்கு வரி

இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் ரெஸ்யூமே பெரும்பாலும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் மேலே ஒரு பத்தி சேரும். கீழே இருப்பதை யாரும் தொடுவதில்லை. கடைசியில் ஐந்து பக்கம் வந்து நிற்கும். இன்று நாற்பது பேரை நிர்வகிப்பவரின் தற்போதைய பொறுப்புக்கு அரைப் பக்கம், அவர் பயிற்சியாளராக மைக்ரோமீட்டர் பிடித்த காலத்துக்கும் அரைப் பக்கம். முதலில் படிக்கும் ஹெச்.ஆர் ஊழியர் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதே அரிது. ஆகவே பழையதைச் சுருக்கத்தான் வேண்டும். சுருக்கும்போது வாக்கியங்களை வெட்டுவது எளிது. எந்தத் தேதியை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

வாகன உதிரிபாகத் துறையில் தர மேலாளராக இருக்கும் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான். 1998இல் பத்தாம் வகுப்பு, 2001இல் மெக்கானிக்கல் டிப்ளமோ. 2001 ஜூலையில் ஓசூரில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் வேலை செய்த ஒரு சிறிய லேத் பட்டறையில் சேர்ந்தார். 2003 ஏப்ரலில் அதே ஊரில் ஒரு வார்ப்பாலையில் இன்ஸ்பெக்டர். 2005 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் உதிரிபாக ஆலையில் தரப் பொறியாளர். உலகளாவிய பொருளாதாரச் சரிவில் 2009 ஜனவரியில் அந்த வேலை போனது. எட்டு மாதம் வேலையில்லை. 2009 அக்டோபரில் ஒரகடத்தில் சீனியர் பொறியாளர், 2014 ஜூனில் வேறு நிறுவனத்தில் துணை மேலாளர், 2019 ஆகஸ்ட் முதல் இப்போதைய மேலாளர் பதவி.

ரெஸ்யூமேயைத் தொடுவதற்கு முன் அவர் செய்ய வேண்டியது, யாருக்கும் அனுப்பாத ஒரு முழுப் பட்டியலைத் தயாரிப்பது. நிறுவனம், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், மேலதிகாரி பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஆகியவற்றில் உள்ள தேதிகளைப் பார்த்து எழுத வேண்டும். வேலையை விட்டதாக நாம் நினைக்கும் நாளுக்கும், நோட்டீஸ் பீரியட் முடிந்து கடிதத்தில் பதிவான நாளுக்கும் ஒன்றிரண்டு மாதம் வித்தியாசம் வருவது சகஜம். ரெஸ்யூமேயில் வரும் ஒவ்வொரு தேதியும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்ததாக இருந்தால், பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இல்லாமல் போகும்.

அடுத்து, கோட்டை எங்கே போடுவது? கடைசி பத்து முதல் பதினைந்து ஆண்டுகளை விரிவாக எழுதி, அதற்கு முந்தையதைத் தொகுப்பது பொதுவான வழக்கம். ஆனால் ஆண்டை மட்டும் எண்ணிக் கோடு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையின் தன்மை மாறிய இடத்தைத் தேட வேண்டும். இவர் 2009 வரை பாகங்களைச் சோதித்தவர். பிழையைக் கண்டுபிடிப்பது வேலை. ஒரகடம் போன பிறகு பிழை வராமல் தடுக்கும் பொறுப்பு அவருடையதாகிறது. சப்ளையர் ஆலைகளை ஆடிட் செய்கிறார், வாடிக்கையாளர் புகாருக்கு அவரே பதில் சொல்கிறார். இந்தத் திருப்பத்தில் கோடு போட்டால், மேலே உள்ள மூன்று வேலைகளும் ஒரே கதையாகச் சேர்கின்றன. பதினைந்து ஆண்டு கணக்கைவிட ஓரிரு ஆண்டு கூடினால் பரவாயில்லை.

கோட்டுக்குக் கீழே உள்ள மூன்று வேலைகளும் ‘எர்லியர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் நான்கு வரியில் அடங்கும். முதல் மூன்று வரிகள் வெறும் பதவியும் நிறுவனமும் ஊரும்: தரப் பொறியாளர், உதிரிபாக ஆலை, ஸ்ரீபெரும்புதூர், இன்ஸ்பெக்டர், வார்ப்பாலை, ஓசூர், பயிற்சியாளர், லேத் பட்டறை, ஓசூர். நான்காவது வரி மூன்றுக்கும் பொதுவானது. வார்ப்பும் இயந்திர வேலையும் முடிந்த பாகங்களை இறுதிச் சோதனை வரை கையாண்டவர் என்று அது சொல்லும். அன்றாடக் கடமைகளை வரிசையாக அடுக்குவது இங்கே தேவையில்லை. தர மேலாளர் பதவிக்கு ஆள் தேடுபவருக்கு இன்ஸ்பெக்டர் என்ன செய்வார் என்று தெரியும்.

இனி தேதி. இந்தத் தொகுப்புக்கு மூன்று வழி இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஆண்டு போடலாம். தலைப்பில் மட்டும் 2001–2009 என்று போடலாம். தேதியே இல்லாமல் விடலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். கோடு 2009இல் விழுந்திருப்பதால் வேலையில்லாத அந்த எட்டு மாதம் தொகுப்புக்கு வெளியே, இரண்டு பகுதிகளுக்கு நடுவில் நிற்கிறது. 2001 முதல் 2009 வரை என்பது மூன்று வேலைகளுக்கும் உண்மையான எல்லை. மாறாக, ஒரகடம் வேலையையும் சேர்த்து 2001–2014 என்று தொகுத்திருந்தால், அந்த எட்டு மாதமும் வேலை பார்த்ததாக ரெஸ்யூமே சொல்லிவிடும். தொகுப்பின் எல்லைக்குள் வெற்றுக் காலம் இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் தனி ஆண்டு போட வேண்டும். தேதியே இல்லாமல் விடுவதும் தவறல்ல, வயதைப் பற்றிய கவலை அதிகம் உள்ளவர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் எல்லா வரிகளும் தேதியில்லாமல் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தேதி இல்லையென்றால் கண் நேராக அங்கேதான் போகும்.

கோட்டுக்கு மேலே உள்ள வேலைகளில் மாதமும் ஆண்டும் இரண்டும் இருக்கட்டும். அவை சரிபார்க்கப்படப்போகும் வேலைகள். எல்லாத் தேதிகளையும் எடுத்துவிட்டுத் திறமைகளை மட்டும் அடுக்கும் ஒரு வடிவமும் உண்டு. படிப்பவருக்கு முதலில் எழும் கேள்வி, இவர் எதை மறைக்கிறார் என்பதுதான். நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

வயதைக் காட்டிக்கொடுப்பது வேலைத் தேதிகள் மட்டுமல்ல. நம் ஊர் ரெஸ்யூமேக்களில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் ஆண்டும் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டே வருகின்றன. 1998 என்று பார்த்த நொடியில் பிறந்தது 1982 அல்லது 1983 என்று கணக்கு முடிந்துவிடும். மேலே எவ்வளவு கவனமாகச் சுருக்கினாலும் பயனில்லை. பத்தாம் வகுப்பை முழுவதும் எடுத்துவிடலாம். டிப்ளமோவை ஆண்டு இல்லாமல் எழுதலாம். பிறந்த தேதி, தந்தை பெயர், கடைசியில் வரும் உறுதிமொழி வாசகம் ஆகியவற்றுக்கும் தனியார் வேலைக்கான ரெஸ்யூமேயில் இடம் தேவையில்லை. துறைச் சொற்களிலும் ஆண்டு ஒளிந்திருக்கிறது. வாகனத் துறையின் ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 16949 தரநிலைக்குப் பதிலாக 2016இல் ஐ.ஏ.டி.எஃப். 16949 வந்துவிட்டது. பழைய பெயர் மட்டும் ரெஸ்யூமேயில் இருந்தால், அதன் பிறகு இவர் புதிதாக எதையும் தொடவில்லை என்று படிப்பவர் நினைப்பார். அவருடைய மேலாளர் பதவிக்கும் அது பொருந்தாது.

முகப்பில் வரும் மொத்த அனுபவ எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். கீழே 2009க்கு முந்தையவற்றைத் தொகுத்துவிட்டு மேலே பெரிய எழுத்தில் மொத்த ஆண்டுகளைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ‘தர மேலாண்மையில் 15 ஆண்டுகளுக்கு மேல்’ என்று எழுதினால் அது உண்மை. விண்ணப்பிக்கும் பதவிக்கும் பொருந்துகிறது. நௌக்ரி போன்ற தளங்களில் மொத்த அனுபவத்துக்குத் தனிப் பெட்டி இருக்கும். அங்கே உண்மையான மொத்தத்தைத்தான் தர வேண்டும்.

ஏனென்றால் சுருக்கிய ரெஸ்யூமே தனியாகப் பயணிப்பதில்லை. அதோடு இணையத்திலுள்ள சுயவிவரம், நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம், ஆஃபர் கிடைத்த பிறகு நடக்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், பி.எஃப். பதிவு எல்லாம் சேர்ந்துவரும். ஒன்றில் சொல்லாததை இன்னொன்றில் சொல்லலாம். ஒன்றில் சொன்னதை இன்னொன்று மறுக்கக் கூடாது. ஆஃபர் கைக்கு வந்த பிறகு போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பி.எஃப். விஷயத்தில் இவருக்கு இரண்டு சிக்கல் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் முதல் 14 மாதம் அவர் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பேரோலில் இருந்தார். 2006 நவம்பரில்தான் ஆலை அவரை நிரந்தரமாக்கியது. ரெஸ்யூமேயில் 2005 முதலே ஆலையின் பெயர் மட்டும் இருந்தால், விசாரிக்கும்போது ஆலையின் ஹெச்.ஆர் 2006 என்பார். முதலாளி என்று பதிவாகியிருப்பதும் ஒப்பந்த நிறுவனம்தான். ஆலை பெயருக்குப் பக்கத்தில் ‘முதலில் ஒப்பந்த நிறுவனம் வழியாக’ என்று இரண்டு மூன்று சொல் சேர்த்தால் தீர்ந்தது. தகவல் தொழில்நுட்பத் துறையில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை முதலாளியாக எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல் வருகிறது.

இரண்டாவது, பதிவில் இல்லாத வேலை. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும் என்பதால் அந்தச் சிறிய பட்டறை பதிவில் இருக்காது. யு.ஏ.என். எண்ணே 2014இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கணக்குகளை அதனுடன் இணைக்காமல் விட்டிருந்தால் அவையும் சர்வீஸ் ஹிஸ்டரியில் தெரியாது. பதிவில் இல்லை என்பதால் வேலை பொய்யாகிவிடாது. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டோ பழைய சம்பளச் சீட்டோ கையில் இருந்தால் போதும். பதிவில் விலகிய தேதி விடுபட்டிருந்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் அதைப் பதியலாம். வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவைப்பது நல்லது.

சில நேரம் கோட்டுக்குக் கீழே கிடப்பதுதான் வேலை வாங்கித் தரும். இவரே ஒரு வார்ப்பாலையின் தர மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார் என்றால், 2003–2005இல் ஊசித்துளைகளும் மணல் ஒட்டுதலும் வந்த வார்ப்புகளைப் பிரித்தெடுத்த அனுபவம் ஒரகடத்தைவிட முக்கியம். அப்போது காலவரிசையைக் கலைக்க வேண்டாம். தற்போதைய வேலைக்கு மேலே ‘வார்ப்புத் துறை அனுபவம்’ என்று மூன்று வரி எழுதி, அது எந்த ஆலையில், எந்த ஆண்டுகளில் என்றும் சொல்லலாம். வரிசையில் அந்த வேலை கீழே தன் இடத்திலேயே இருக்கும்.

அரசு, பொதுத்துறை நிறுவன விண்ணப்பங்களுக்கு இந்தச் சுருக்கம் எதுவும் செல்லாது. அங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் வயதுக்கு ஆதாரம். ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் கேட்பார்கள். தனியார் நிறுவனத்தின் இறுதிப் படிவத்திலும் வேலையில்லாத காலத்துக்குத் தனிக் கட்டம் வருவதுண்டு. அங்கே 2009 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, ஆட்குறைப்புக்குப் பின் வேலை தேடிய காலம் என்று ஒரே வரியில் எழுதினால் போதும். ரெஸ்யூமேயில் 2009இல் ஒரு தொகுப்பு முடிந்து அக்டோபரில் அடுத்த வேலை தொடங்குவதால், படிவத்தைப் படிப்பவருக்கு இரண்டும் ஒத்துப்போகும்.