சொட்டு மருந்தைக் குழந்தை கக்கிவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டுமா?

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியார் கிளினிக்கிற்குப் போகும் பெற்றோரிடம், “ரோட்டா சொட்டு மருந்தும் கொடுக்கலாமா?” என்று தாதி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஊசி என்றால் குத்தியதோடு வேலை முடிந்தது. வாயில் கொடுக்கும் மருந்து அப்படியில்லை. குழந்தை நாக்கால் தள்ளும், எச்சிலோடு வழிய விடும், விழுங்கிய பிறகு பாலோடு சேர்த்துக் கக்கும். ஒரு வேளை மருந்துக்கே நூறு ரிங்கிட்டுக்கு மேல் கட்டிய பெற்றோருக்கு, சட்டையில் வழிந்த ஈரத்தைப் பார்த்ததும் மனம் பதறத்தான் செய்யும்.

இந்த மருந்து ரோட்டா வைரஸ் உண்டாக்கும் கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தையைக் காப்பது. நம் நாட்டில் இரண்டு வகை பழக்கத்தில் உள்ளன. ரோட்டாரிக்ஸ் என்பது 1.5 மில்லிலிட்டர், இரண்டு வேளை. ரோட்டாடெக் என்பது 2 மில்லிலிட்டர், மூன்று வேளை. ‘சொட்டு’ என்று சொன்னாலும் போலியோவுக்குக் கொடுத்த இரண்டு சொட்டைப் போன்றதல்ல இது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டிய அளவு. ஆனாலும் ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர் என்றால், ரோட்டாரிக்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

மருந்து ஊசி இல்லாத சிரிஞ்சிலோ, பிதுக்கும் சிறு குழாயிலோ வரும். இனிப்பாக இருக்கும், சீனி சேர்த்திருக்கிறார்கள். அதனால் பெரும்பாலான குழந்தைகள் சப்பிக் குடித்துவிடும். துப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் சுவையல்ல, கொடுக்கும் விதம்தான்.

நம் வீடுகளில் சங்கில் மருந்து புகட்டிய பழக்கம் ஒன்று உண்டு. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, அழுது வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத் தொண்டையில் ஊற்றுவார். அசைந்தால் மூக்கையும் பிடிப்பார். ரோட்டா மருந்துக்கு இந்த முறை அறவே ஆகாது. படுத்த நிலையில் தொண்டையின் பின்பக்கம் திரவம் விழுந்தால் குழந்தைக்குக் குமட்டும், புரையேறும். குமட்டினால் மருந்து மட்டுமல்ல, வயிற்றில் இருந்த பாலும் சேர்ந்து வெளியே வரும்.

சரியான முறையில் குழந்தையை மடியில் வைத்து, தலையை முழங்கையில் தாங்கி, பாதி சாய்ந்த நிலையில் பிடிக்க வேண்டும். சிரிஞ்சின் நுனி நாக்கின் மேல் போகக்கூடாது. கடைவாய் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே செல்ல வேண்டும். அங்கே கொஞ்சம் விட்டு, குழந்தை விழுங்கும்வரை நிறுத்தி, மறுபடியும் கொஞ்சம் விட வேண்டும். கன்னத்தின் உட்பக்கம் விட்ட மருந்தை நாக்கால் எளிதில் தள்ள முடியாது, விழுங்கத்தான் செய்யும். தாதி கொடுக்கும்போது குழந்தையைப் பிடித்திருப்பது நீங்கள்தான் என்பதால், பாதி வேலை உங்கள் கையில் இருக்கிறது. குழாயின் நுனியில் கடைசியில் ஒரு துளி தங்கிவிடுவது வழக்கம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மருந்தைப் பால் போத்தலில் கலந்து கொடுக்கச் சொல்லாதீர்கள். குழந்தை போத்தலை முடிக்காவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்றைக்கே ஊசியும் இருந்தால், சொட்டு மருந்தை முதலில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி குத்திய பிறகு வீறிட்டு அழும் குழந்தையின் வாயில் மருந்து நிற்பது கடினம். முதலில் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மருந்தின் இனிப்பு, அடுத்து வரும் ஊசியின் வலியையும் சற்றுக் குறைக்கும்.

பால் விஷயத்திலும் ஒரு குழப்பம் நிலவுகிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி எந்தத் தடையும் இல்லை. குழந்தையைப் பட்டினி போட்டுக் கூட்டிப் போக வேண்டாம். பசியில் அழும் குழந்தைக்கு மருந்து கொடுப்பதுதான் சிரமம். ஆனால் வயிறு முட்டக் குடித்த உடனே கொடுத்தாலும் கக்கத்தான் செய்யும். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ முன்னதாகப் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விட வைத்துக் கூட்டிப் போவது நடைமுறைக்கு ஏற்றது.

இவ்வளவும் செய்தும் கக்கிவிட்டால்?

ஒரு பேச்சுக்கு, ஒன்பது வாரக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து டவுன் கிளினிக்கிற்கு அம்மாவும் பாட்டியும் கொண்டு வருகிறார்கள். ரோட்டாரிக்ஸ் முதல் வேளை. மருந்தை விட்ட மாத்திரத்தில் குழந்தை தலையைத் திருப்பிக்கொள்கிறது. பெரும்பகுதி அப்படியே வாயோரம் வழிந்து கழுத்துத் துணியில் இறங்குகிறது. இதைத் தாதியும் பார்க்கிறார். இந்த நிலையில், அதே வருகையிலேயே இன்னொரு முழு வேளையை ஒரே ஒரு முறை கொடுக்கலாம் என்று மருந்து நிறுவனத்தின் குறிப்பும், பிரிட்டனின் தடுப்பூசி வழிகாட்டியும் சொல்கின்றன. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமோ, துப்பினாலும் வாந்தி எடுத்தாலும் மறுபடி கொடுக்க வேண்டாம், மீதமுள்ள வேளைகளை வழக்கமான தேதியில் கொடுத்தால் போதும் என்கிறது. ஒரு கிளினிக்கில் ஒன்றும் இன்னொரு கிளினிக்கில் வேறொன்றும் சொல்வதற்கு இதுவே காரணம். இரண்டில் எதையும் தவறு என்று சொல்வதற்கில்லை.

அதே குழந்தை மருந்தை ஒழுங்காக விழுங்கிவிட்டு, இருபது நிமிடம் கழித்துக் காரில் ஏறும்போது பால் கக்கினால்? அப்போது மறுபடி கொடுக்கும் பேச்சுக்கு இடமில்லை. துணி நனைந்திருப்பதைப் பார்த்து மருந்து முழுவதும் போய்விட்டது என்று பாட்டி சொல்வார். மருந்தே ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். துணியில் தெரியும் வெள்ளை ஈரம் பெரும்பாலும் பாலும் எச்சிலும்தான். விழுங்கிய மருந்தில் ஒரு பகுதி அதற்குள் வயிற்றைத் தாண்டிக் குடலுக்கு இறங்கியிருக்கும்.

கொஞ்சம் போனாலும் ஏன் பரவாயில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். குடலை அடைந்ததும் அங்கேயே பெருகி, உடலுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும். காய்ச்சல் மருந்தைப் போல, உள்ளே போன அளவுக்கு மட்டும் வேலை செய்து தீர்ந்துபோகும் பொருளல்ல. அதோடு இன்னொரு வேளையோ இரண்டு வேளையோ பின்னால் வரப்போகிறது.

மாற்று வேளையையும் குழந்தை துப்பிவிட்டால், மூன்றாவது முறை கொடுப்பதில்லை. அதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த தேதிக்கு வர வேண்டியதுதான். மறுநாள் வேறொரு கிளினிக்கிற்குப் போய் ‘நேற்றுக் கக்கிவிட்டது’ என்று சொல்லி இன்னொன்று வாங்கிக் கொடுப்பதும் கூடாது. மாற்று வேளைக்குத் தனியாகக் காசு வாங்குவார்களா என்பதை, கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடலாம். புதுக் குழாய் ஒன்றைத் திறக்க வேண்டியிருக்கும் அல்லவா?

போலியோ சொட்டு மருந்துக்கு விதி வேறு. 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ கண்டபோது, அது 27 ஆண்டுகளில் நாட்டில் பதிவான முதல் சம்பவம். அதன் பிறகு அங்கே பிள்ளைகளுக்கு வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக்குக் குழந்தையோடு போய் முகாம் நாளில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். அது இரண்டே சொட்டு. உடனே துப்பினாலோ, ஐந்து பத்து நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தாலோ, அங்கேயே மறுபடி கொடுத்துவிடுவார்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் அந்த வேளையைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு வரச் சொல்வார்கள். ஒரு மருந்தின் விதியை மற்றொன்றுக்குப் போட்டுப் பார்ப்பதால்தான் வீட்டில் பெரியவர்களோடு வாக்குவாதம் வருகிறது.

ரோட்டாவில் தேதியைத் தள்ளிப்போட முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். ரோட்டாரிக்ஸ் ஆறு வாரத்துக்குமேல் தொடங்கி, வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு வாரம் விட்டு, 24 வாரத்துக்குள் முடிய வேண்டும். ரோட்டாடெக்கின் முதல் வேளை 12 வாரத்துக்குள், கடைசி வேளை 32 வாரத்துக்குள். நாம் பார்த்த ஒன்பது வாரக் குழந்தைக்கு இரண்டாம் வேளையை 13ஆம் வாரத்திலிருந்து கொடுக்கலாம். அன்று வயிற்றுப்போக்கோ கடுமையான வாந்தியோ இருந்தால் ஒன்றிரண்டு வாரம் தள்ளலாம், அவகாசம் இருக்கிறது. ஆனால் 24 வாரம் தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

வயது வரம்புக்குக் காரணம், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஓர் அரிய பக்க விளைவு. முதல் வேளைக்குப் பிறகான ஒரு வாரத்தில் அதைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாகப் பால் கக்கிய குழந்தை அடுத்த நிமிடமே சிரிக்கும். இது அப்படி இருக்காது. குழந்தை சற்று நேரம் வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கும். பிறகு ஓய்ந்து வெளிறிப்போகும். மறுபடி அதேபோல் அழும். வாந்தி பச்சையாக வரலாம், மலத்தில் இரத்தமும் சளியும் தெரியலாம். இப்படிக் கண்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்றைக்குச் சொட்டு மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

மருந்தின் வைரஸ் சில நாட்களுக்குக் குழந்தையின் மலத்தில் வெளியேறும். பெம்பர்ஸ் மாற்றியவுடன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது போதும். வீட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தாத்தா பாட்டி இருந்தால், அந்த ஒன்றிரண்டு வாரத்துக்குப் பெம்பர்ஸ் மாற்றும் வேலையை வேறு யாராவது செய்வது நல்லது.

கிளினிக்கை விட்டுக் கிளம்புமுன் குழந்தையின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மருந்தின் பெயர், தேதி, எத்தனையாவது வேளை என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். துப்பியதால் மாற்று வேளை கொடுத்திருந்தால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு கிளினிக்கிற்குப் போனாலும், எந்த மருந்தில் தொடங்கினார்கள், இன்னும் எத்தனை வேளை பாக்கி என்பதை அந்த ஒரு வரியிலிருந்துதான் அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.