சி.டி. ஸ்கேன் கதிர்வீச்சும் இயற்கைக் கதிர்வீச்சும்

சி.டி. ஸ்கேன் முடிந்ததும் கருவியின் திரையில் வரும் அளவுப் பட்டியலில் மில்லிசீவர்ட் என்ற அலகு பெரும்பாலும் இருக்காது. அதில் பார்க்க வேண்டியது DLP என்ற எண். கதிர்வீச்சின் செறிவையும் ஸ்கேன் செய்த நீளத்தையும் பெருக்கிய தொகை அது, அலகு mGy·cm. பக்கத்திலேயே உள்ள CTDIvol நீளத்தைக் கணக்கில் எடுக்காதது. அதை வைத்துக் கணக்கிட்டால் விடை தவறிவிடும்.

DLP எண்ணை உடற்பகுதிக்குரிய காரணியால் பெருக்கினால் மில்லிசீவர்ட் கிடைக்கும். பெரியவர்களுக்கு வயிற்றுப் பகுதிக்கான காரணி 0.015, தலைக்கு 0.0021 மட்டுமே, ஏனெனில் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகள் அங்கே குறைவு. வயிற்று ஸ்கேனில் DLP 480 என்றால், 480 × 0.015 = 7.2 மில்லிசீவர்ட். மண், காற்றிலுள்ள ரேடான், விண்கதிர், உணவு ஆகியவற்றிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். வகுத்தால் மூன்று ஆண்டுகள்.

மருந்து செலுத்தும் முன்பும் பின்பும் படமெடுத்திருந்தால் மொத்த DLP-யையே எடுக்க வேண்டும். குழந்தைகளுக்குக் காரணி இன்னும் அதிகம். பெரியவர்களின் எண்ணை அவர்களுக்குப் போட்டால் விடை ஆபத்தான அளவுக்குக் குறைந்து காட்டும். இந்தக் காரணிகள் சராசரி உடலுக்கானவை. ஆகவே ‘மூன்று ஆண்டுகள்’ என்பது அளவை உணர்த்தும் ஒப்பீடு மட்டுமே. தனியொருவரின் புற்றுநோய் அபாயத்தை அதிலிருந்து கணிக்கக் கூடாது.