விளக்கு வைத்த நேரத்து விளம்பரம்

ஆனி பிறந்து சாரல் இறங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் சாயங்கால விளக்கைக் காற்றிலிருந்து காப்பாற்றுவதே ஒரு வேலை. ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று முற்றத்தைத் தாண்டி பூஜை அறை வரை வரும். அம்மா வலது கையால் திரியைப் பற்றவைத்து, இடது உள்ளங்கையை வளைத்துச் சுடருக்கு அணைகொடுப்பாள்.

1980களில் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் எல்.ஐ.சி. அண்ணாச்சி வருவார். பகலில் அப்பா வீட்டில் இருக்க மாட்டாரே. கறுப்பு ரெக்சின் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, குடையை மடக்கித் தண்ணீர் வடிய விட்டு உட்காருவார். அவர் கொண்டுவந்து கொடுக்கும் காலண்டரில் ஒரு சின்னம் இருக்கும்: எரியும் விளக்கை இருபுறமும் இரண்டு கைகள் காக்கின்றன. 245 தனித்தனி நிறுவனங்களையும் சேமநல நிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி 1956 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய அமைப்பின் சின்னம் அது. சாவு இல்லை, விபத்து இல்லை, அழும் முகம் இல்லை. விளக்கு அணையவில்லை என்பது மட்டும்தான் அதில் உள்ள சேதி. காப்பீட்டுக்கு நம் நாட்டில் வந்த மிகச் சிறந்த விளம்பரம் என்று இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்லுவேன்.

ஆனால் படத்தில் சொல்லிவிட்டதை அண்ணாச்சியால் வாயால் சொல்ல முடியவில்லை. “நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா…” என்று ஒருநாள் தொடங்கினார். உள்ளேயிருந்து ஆச்சி குரல் வந்தது: “விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு பேசுதீய?” அதோடு நிறுத்தினார். அடுத்த முறை வந்தபோது அக்காவின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். இருபது வருசம் கட்டினால் முதிர்வுத் தொகை கைக்கு வரும், நகைக்கு ஆகும் என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். ஆச்சியே காபி கொடுத்தாள்.

அந்தப் பாலிசி 25,000 ரூபாய்க்கு. மாதம் நூறு ரூபாய்க்குப் பக்கம் தவணை. அப்போது அப்பாவின் சம்பளம் 1,500. பாலிசி ஒருநாளும் லாப்ஸ் ஆகவில்லை, முதிர்ந்தது, நகையும் வாங்கினோம். அந்த வகையில் அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் இடையில் அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால், போனஸை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தப் பணம் பதினேழு மாதச் சம்பளம்தான். நாங்கள் மூன்று பிள்ளைகள், கடைசித் தம்பிக்கு அப்போது நான்கு வயது. அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. பேசக்கூடாத பேச்சை ஒதுக்கியபோது, எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியும் சேர்ந்தே ஒதுங்கிவிட்டது. காப்பீடு எங்கள் வீட்டில் சேமிப்பு என்ற பெயரில்தான் குடியிருந்தது.

2000க்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் வந்தன, தொலைக்காட்சியும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. சில விளம்பரங்கள் நேரே பயத்தைத் தொட்டன: மாலை போட்ட படம், காலி நாற்காலி, பாதியில் நின்ற படிப்பு. பார்ப்பவர்கள் சானலை மாற்றினார்கள். இது நம் ஊர் வழக்கத்தால் மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரு உளவியலாளர்கள் பள்ளி மாணவர்களுக்குப் பல் சொத்தையைப் பற்றி மூன்று அளவு பயத்தில் பாடம் நடத்தி, 1953இல் முடிவை எழுதினார்கள். மிக அதிகமாகப் பயமுறுத்தப்பட்ட பிள்ளைகள் சொன்னதை மிகக் குறைவாகவே செய்தார்கள். லேசாகச் சொல்லப்பட்டவர்கள் அதிகம் செய்தார்கள். பின்னாளில் வந்த ஆய்வுகள், பயத்தோடு கூடவே ‘இதை இப்படிச் செய்துவிடலாம்’ என்ற வழியும் கையில் இருந்தால் பயமும் வேலை செய்யும் என்று திருத்தின. வழி இல்லாத பயம் கண்ணை மூடிக்கொள்ளத்தான் வைக்கும்.

நான் விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவன். சில வருடங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, குற்றாலத்தை ஒட்டி மேலகரத்தில் ஒரு வீட்டில், சாரல் நாளில், ஒரு சாயங்காலத்தைப் படமெடுத்தோம். நாற்பது நொடி. பயம் வேண்டாம், வீட்டின் இதம் மட்டும் போதும் என்று முடிவு.

முதல் வடிவத்தில் அப்பா நனைந்துகொண்டு வீட்டுக்கு வருகிறார். பிள்ளை வாசலில் காத்திருக்கிறாள். படத்தைச் சில குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “அவுக வந்து சேருத வரைக்கும் எனக்கு உசிரே இல்ல” என்றார். காத்திருத்தல், வழுக்கும் சாலை, இருட்டு எல்லாம் சேர்ந்து, நாங்கள் சொல்லாத விபத்தை அவராகவே வரவழைத்துக்கொண்டார். காப்பீட்டு விளம்பரம் என்று தெரிந்து பார்ப்பவர் எதிலும் சகுனம் தேடுவார். ஆகவே அப்பாவை முதல் காட்சியிலேயே வீட்டுக்குள், தலை துவட்டியவராக உட்கார வைத்தோம்.

இரண்டாவது வடிவத்தில் மழைச் சத்தம், வாழைக்காய் பஜ்ஜி, ஆவி பறக்கும் டம்ளர், சிரிப்பு. எல்லோருக்கும் பிடித்தது. கடைசியில் வரும் பெயரை மறைத்துவிட்டு, “என்ன விளம்பரம்?” என்று கேட்டோம். தேயிலைத்தூள் என்றார்கள், ஒருவர் சமையல் எண்ணெய் என்றார். இதமான விளம்பரம் எங்கே வழுக்கும் என்பதைக் கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும். எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற சாயங்காலம் காப்பீட்டைச் சொல்வதில்லை.

மூன்றாவதில் அம்மாவின் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. மகள் படிக்கப் படிக்க அம்மா எழுதுகிறாள்: பால், கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், வீட்டுக் கடன் தவணை. கடன் போக மாதம் 25,000. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுகிறார். இப்போது அந்த இதத்துக்கு ஒரு அளவு வந்துவிட்டது. பார்ப்பவர் தன் வீட்டு நோட்டை நினைத்துக் கணக்குப் போடலாம்: அப்பாவின் சொந்தச் செலவு 5,000 போனால் வீட்டுக்கு 20,000. வருடத்துக்கு 2,40,000. சின்னவள் சம்பாதிக்கப் பதினைந்து வருடம் என்றால் 36 லட்சம். மீதிக் கடன் 10 லட்சம். ஆக 46 லட்சம். விலைவாசி ஏற்றத்தையும், அந்தப் பணம் ஈட்டும் வட்டியையும் ஒன்றுக்கொன்று சரியென்று வைத்த தோராயம்தான் இது. இருந்தாலும் எந்த அளவு பாலிசி என்று கேட்கத் தொடங்க இது போதும். எங்கள் அண்ணாச்சி போட முடியாமல் போன கணக்கு இதுதான். அதை விளக்கு வைத்த வீட்டிலேயே, ஒரு கெட்ட சொல்கூட இல்லாமல், போட முடிந்தது.

முடிவு வாசகமாக “இந்தக் கணக்கு என்றைக்கும் தவறாது” என்று எழுதியிருந்தேன். விதிமுறை பார்க்கும் அதிகாரி ‘என்றைக்கும்’ என்ற சொல்லை வட்டமிட்டார். தவணை விட்டுப்போனால் பாதுகாப்பும் போய்விடும். உடல்நிலையை மறைத்து எழுதியிருந்தால் முதல் மூன்று வருடத்துக்குள் பாலிசியையே கேள்வி கேட்கலாம். கொடுக்காத உறுதியைச் சொல்ல ஒழுங்குமுறை ஆணையத்தின் விளம்பர விதிகள் விடாது. அவர் சொன்னது சரி. “இந்தக் கணக்கை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்” என்று மாற்றினேன்.

படப்பிடிப்பின் கடைசியில், அந்த வீட்டுப் பெரியம்மா நிஜமாகவே விளக்கேற்ற வந்தார். ஜன்னல் வழியே காற்று சுழன்று வர, இரண்டு கைகளையும் குவித்துச் சுடரைச் சுற்றி வைத்து, அது நிமிரும்வரை நின்றார். கேமராக்காரர் யாரும் சொல்லாமலேயே அதைப் பதிவு செய்துவிட்டார். எட்டு நொடி. அத்தனை காட்சிகளிலும் அதுதான் அழகு. ஆனால் எங்களுக்கு வேலை கொடுத்தது வேறு நிறுவனம். அந்தக் கைகளைப் பார்த்ததும் ஊரில் யாருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வரும் என்று தெரிந்து, வெட்டி எடுத்துவிட்டோம். அந்த எட்டு நொடி இன்னும் என் கணினியில் இருக்கிறது.