அழைப்பிதழ் வரும்போது "வர இயலாது" என்பதைச் சொல்லும் விதம்

வைகாசி, ஆவணி, தை மாதங்களில் நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அழைப்பிதழ்கள் அடுக்காகச் சேர்ந்துவிடுகின்றன. ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம். தட்டில் மஞ்சள், குங்குமத்துடன் நேரில் வந்து அழைப்பவரிடம் "வர முடியாது" என்று யாரும் சொல்வதில்லை. நல்ல காரியத்துக்கு அழைக்கும் வேளையில் 'முடியாது' என்ற சொல்லே அபசகுனம். ஆகவே "கண்டிப்பாக வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடுகிறோம்.

இதனால் வரும் சங்கடம் மளிகைக்காரர்களாகிய நமக்குத் தெரியாததல்ல. கல்யாண வீட்டுச் சாமான் பட்டியலே இத்தனை இலை என்ற கணக்கில்தான் நம்மிடம் வருகிறது. நாம் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டால் நாலைந்து இலை அந்தக் கணக்கில் ஏறிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பல வருட வாடிக்கைக்காரர் மகள் கல்யாணத்துக்கு அழைக்கிறார். அன்றைக்கே நம் மைத்துனர் வீட்டில் கிரகப்பிரவேசம். தராசை நிறுத்திவிட்டு, எழுந்து, இரண்டு கையாலும் அழைப்பிதழை வாங்க வேண்டும். அவர் எதிரிலேயே பிரித்துப் படித்து, மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரிக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றது: "ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. அன்றைக்குக் காலையில் மச்சான் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். முதல் நாள் வரவேற்புக்கு நான் வந்துவிடுகிறேன், முகூர்த்தத்துக்குத் தம்பி வருவான்." இதில் மறுப்புச் சொல் ஒன்றும் இல்லை; ஆனால் யார், எப்போது வருவார் என்பது தெளிவாக இருக்கிறது. "அப்படியானால் சாயங்காலம் சாப்பிடாமல் போகக்கூடாது" என்று அவர் சொன்னால் விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். "அதெல்லாம் முடியாது, குடும்பத்தோடு வரணும்" என்றால் புரியவில்லை, அல்லது புரிந்தும் விடவில்லை. தம்பி வருவதை இன்னொரு முறை சொல்லிவிடுவதே நல்லது.

சொந்தபந்தத்தின் விசேஷமும் வீட்டில் தீட்டும் எல்லோரும் ஏற்கிற காரணங்கள். தீட்டு என்றால் அவரே வற்புறுத்த மாட்டார். "கடையில் ஆள் இல்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும், நம் வீட்டு விசேஷத்தைவிட வியாபாரம் பெரிதா என்றுதான் அவர் காதில் விழும்.

மொய் விஷயத்தில் ஒரு கவனம் தேவை. நம் வீட்டில் அவர் 501 செய்திருந்தால் அதற்குக் குறையாமல் கொடுத்தனுப்ப வேண்டும். வராததோடு மொய்யும் குறைந்தால்தான் மனத்தாங்கல். மதுரை, தேனிப் பக்கம் மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, திருப்பிச் செய்யும்போது எடுத்துப் பார்ப்பார்கள். கொண்டுபோகிறவர் தம் பெயரில் எழுதிவிட்டால் அந்த நோட்டில் நாம் இல்லை. ஆகவே கவரின் மேல் நம் பெயரையும் ஊரையும் நாமே எழுதி, அப்படியே வாசிக்கச் சொல்லி அனுப்புகிறோம்.

உடன்பிறந்தாள் வீட்டு விசேஷத்துக்கும் தாய்மாமன் முறை செய்யும் இடத்துக்கும் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. அங்கே கடையைப் பூட்டிவிட்டுப் போகத்தான் வேண்டும்.