புகை ஏன் திரும்பி வருகிறது?

ஹோட்டல் சமையலறையில் தோசைக்கல்லுக்கு மேலே பெரிய புகைக்கூண்டு இருக்கும், ஃபேனும் ஓடும். ஆனாலும் புகை உள்ளேயே சுற்றும். பெரிய மோட்டார் வாங்கும் முன் பின்கதவைத் திறந்து பாருங்கள். புகை சட்டென்று மேலேறினால் குறை ஃபேனில் இல்லை. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவில்லை.

கூண்டு நிமிடத்துக்கு 3,000 கன அடி காற்றை இழுக்கிறது என்றால், சுமார் 2,500 கன அடியைத் தனி ஃபேன் மூலம் வெளியிலிருந்து தரலாம். மீதி 500 சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வரட்டும். அப்போதுதான் சமையல் வாடை அங்கே போகாது. புதுக்காற்றைக் கூண்டின் விளிம்பருகே வேகமாக அடித்தால் அதுவே புகையைக் கலைத்துவிடும். சற்றுத் தள்ளி, மெதுவாக விட வேண்டும்.

இந்தக் காற்று 16க்கு 18 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் ஓடும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 96 விதி கேட்பது குறைந்தது 500 அடி. எவ்வளவு வேகமானாலும் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் படியும். அடுப்புத் தீ அதில் பற்றினால் குழாய் முழுவதும் பரவும். ஆகவே கசியாத வெல்டிங், பிசுக்கு வடியச் சரிவு, திருப்பங்களில் சுத்தம் செய்யத் திறக்கும் மூடி மூன்றும் கட்டாயம்.