கை எலும்பில் ஏன் காலஸ் இல்லை?

இருசக்கர வாகன விபத்தில் அடிபட்ட முப்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் குறுக்கே வெட்டினாற்போல் ஒரே கோட்டில் உடைந்திருக்கின்றன. இடது தொடை எலும்போ நடுவில் நொறுங்கி நாலைந்து துண்டாகக் கிடக்கிறது. கைக்குப் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்கிறார்கள். தொடைக்கு, எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜைக் குழாய் வழியாக நீண்ட ராடு ஒன்றைச் செலுத்துகிறார்கள். எட்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், தொடையில் உடைந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு தடிமனாகத் திரண்டு தெரிகிறது. மருத்துவர்கள் இதைத்தான் காலஸ் என்கிறார்கள். கையில் அப்படி எதுவும் இல்லை.

"கால்ல எலும்பு வளர்ந்திருக்கு, கையில ஒண்ணையும் காணோமே டாக்டர்?" என்று தாயார் கேட்பது இயல்பு. "கையில அப்படித் திரளக் கூடாதும்மா. திரண்டாத்தான் எனக்குக் கவலை" என்று மருத்துவர் சொல்வதும் இயல்புதான். ஆனால் அவசரமான புறநோயாளிப் பிரிவில் அதற்கான காரணத்தை விளக்க நேரம் இருப்பதில்லை. அதனால் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் வீணாகப் பயந்துகொண்டிருக்கின்றன. காரணத்தைத் தெரிந்துகொள்வது அவ்வளவு கடினமில்லை.

எலும்பு கூடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. எந்த வழியில் கூடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, உடைந்த முனைகளுக்கு இடையே எவ்வளவு அசைவு மிச்சமிருக்கிறது என்பதுதான். அறுவை மருத்துவர் பிளேட்டையோ ராடையோ கையில் எடுக்கும்போது அந்த அசைவின் அளவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

முதலில் தொடையைப் பார்ப்போம். உடலுக்கு இயல்பாகத் தெரிந்த வழி இதுதான். உடைந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டிக்குள் புது ரத்தக்குழாய்களும் மென்மையான திசுவும் வளர்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அது நாராகவும் குருத்தெலும்பாகவும் மாறி முனைகளைப் பிணைக்கிறது. பிறகு அந்தக் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து மெல்ல மெல்ல எலும்பாகிறது. காட்டு விலங்கின் உடைந்த கால் கூடுவதும், மாவுக்கட்டில் கூடுவதும், மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் புத்தூர் கட்டில் கூடுவதும் இந்த வழியில்தான். இவை எதிலும் எலும்பு அசையாமல் இறுகிவிடுவதில்லை. கொஞ்சம் அசைகிறது. அந்தச் சிறு அசைவுதான் காலஸை வளரச் சொல்லி உடலைத் தூண்டுகிறது. இப்படி அளவான அசைவை விட்டுவைக்கும் பொருத்தலைச் சார்பு நிலைத்தன்மை என்கிறார்கள். ராடு, தோலுக்கு வெளியே நிற்கும் கம்பிச் சட்டம், நொறுங்கிய பகுதியைத் தொடாமல் தாண்டிச் செல்லும் நீண்ட பிளேட் ஆகியவை இந்த வகை.

அளவான அசைவு என்றால் எவ்வளவு? இதற்கு விடை தந்தவர் சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் பெரன். பள்ளி இயற்பியலில் வரும் திரிபு என்ற கருத்தையே அவர் பயன்படுத்தினார். முனைகள் எவ்வளவு அசைகின்றன என்பதை மட்டும் பார்க்காமல், இடைவெளியின் அகலத்தோடு ஒப்பிட்டால் அந்த அசைவு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும் என்றார். முதலில் வளரும் மென்திசு, தன் நீளத்துக்குச் சமமாக இழுபட்டாலும், அதாவது 100 சதவீதத் திரிபிலும், பிழைத்துக்கொள்ளும். குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம் வரை தாங்கும். எலும்பு தாங்குவது சுமார் 2 சதவீதம்தான். தான் தாங்க முடியாத திரிபு இருக்கும் இடத்தில் எந்தத் திசுவும் உருவாகாது.

நம் நோயாளியின் தொடையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொறுங்கிய துண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ராடு இருந்தும், அவர் காலை ஊன்றும்போது மொத்தம் 1 மில்லிமீட்டர் அசைகிறது. திரிபு 5 சதவீதம். எலும்பு நேரடியாக உருவாக இது அதிகம், குருத்தெலும்பு உருவாக இது போதும். குருத்தெலும்பு வந்ததும் அந்த இடம் விறைக்கிறது, அசைவு குறைகிறது, திரிபு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. அப்போது எலும்பு வருகிறது. ஒவ்வொரு திசுவும் தனக்கு அடுத்து வரும் திசுவுக்கு இடத்தைப் பதப்படுத்திக் கொடுக்கிறது. இந்தக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கையில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே ஒரே ஒரு விரிசல்தான். இடைவெளி 0.2 மில்லிமீட்டர், அசைவு வெறும் 0.1 மில்லிமீட்டர் என்றாலும் திரிபு 50 சதவீதம். கண்ணுக்கே தெரியாத அசைவு, ஆனால் அங்கே இருக்கும் உயிரணுக்களுக்கு அது பேரசைவு. அதனால் எளிய ஒற்றை முறிவில், துண்டுகளை நெருக்கிவைத்து அசைவை மட்டும் பாதியளவு குறைப்பது போதாது. இடைவெளி இல்லாமல் சேர்த்து, ஒன்றையொன்று அழுத்தவைத்து, அசைவையே நிறுத்த வேண்டும். இதுதான் முழு நிலைத்தன்மை.

அதை எப்படிச் சாதிக்கிறார்கள்? பிளேட்டின் ஓட்டைகள் நீள்வட்டமானவை, உட்புறம் சரிவானவை. ஸ்க்ரூவை ஓட்டையின் நடுவில் இறக்காமல், முறிவிலிருந்து தள்ளியிருக்கும் ஓரத்தில் இறக்குவார்கள். முறுக்க முறுக்க ஸ்க்ரூவின் தலை சரிவில் வழுக்கி, எலும்பையும் சேர்த்து முறிவை நோக்கி நகர்த்தும். நகர்வது 1 மில்லிமீட்டர் அளவுதான், ஆனால் முனைகள் இறுகிவிடுகின்றன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நேரான பிளேட்டை நேரான எலும்பில் வைத்து இப்படி அழுத்தினால் பிளேட்டுக்கு அடியிலுள்ள பக்கம் மட்டுமே நெருங்கும், எதிர்ப்பக்கம் திறந்துகொள்ளும். அதனால் முறிவுக்கு நேராகப் பிளேட்டை மிகச் சிறிதளவு முன்கூட்டியே வளைத்துக்கொள்வார்கள். ஸ்க்ரூ இறுகும்போது பிளேட் நிமிர்ந்து எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து அழுத்தும். முறிவு சாய்வாக இருந்தால், அதன் குறுக்கே ஒரு ஸ்க்ரூவை, முதல் துண்டில் தளர்வாகவும் அடுத்த துண்டில் மட்டும் பற்றும்படியும் செலுத்தி இரண்டையும் இழுத்துச் சேர்ப்பார்கள். அழுத்தம் எலும்பை வேகமாக வளர்ப்பதில்லை. அது அசைவை நிறுத்துகிறது, அவ்வளவே.

அசைவு நின்றுவிட்டால் காலஸுக்கு வேலையில்லை. உடல் வேறொரு திறமையைக் கையாள்கிறது. ஆரோக்கியமான எலும்பு நாள்தோறும் தன்னைத்தானே அரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் அதே முறையில் முறிவையும் சரிசெய்கிறது. முன்னே எலும்பு அரிக்கும் செல்கள் சுரங்கம் குடைந்து போகின்றன, பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் சுவர் எழுப்பிக்கொண்டு வருகின்றன. மெட்ரோ ரயில் சுரங்க இயந்திரம் முன்னே மண்ணைக் குடைந்து பின்னே கான்கிரீட் வளையம் பொருத்துவது போன்ற வேலை. நடுவில் ஒரு நுண் ரத்தக்குழாய் ஓடுகிறது. இந்தச் சுரங்கங்கள் முறிவுக் கோட்டைத் தாண்டி எதிர்த்துண்டுக்குள் நுழைந்து, இரண்டையும் நூற்றுக்கணக்கான நுண்தூண்களால் தைத்துவிடுகின்றன. வேகம் மிகக் குறைவு, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் எக்ஸ்ரேயில் எதுவும் வளர்வதாகத் தெரியாது. கோடு மாதக்கணக்கில் மங்கி மறையும்.

இப்படிக் காலஸ் இல்லாமலே எலும்பு கூடுவதைக் கவனித்து 1949-இல் தன் நூலில் எழுதியவர் பெல்ஜிய மருத்துவர் ரோபர்ட் டானிஸ். மறு ஆண்டு அவரைச் சந்தித்த சுவிஸ் இளைஞர் மோரிஸ் முல்லர், 1958-இல் சக மருத்துவர்களோடு சேர்ந்து ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கினார். உலகம் முழுவதும் எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு இன்றும் பாடம் நடத்தும் அமைப்பு அது. தொடக்க காலத்தில் எல்லா முறிவையும் அசைவின்றி இறுக்கிவிட வேண்டும் என்ற ஆர்வம் ஓங்கியிருந்தது. நொறுங்கிய எலும்பைக்கூடத் திறந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். எக்ஸ்ரே அழகாக இருந்தது. ஆனால் தசையையும் எலும்பின் மேலுறையையும் உரித்தெடுத்ததில் துண்டுகளுக்கு ரத்தம் போவது நின்றது. ரத்தமில்லாத துண்டு கூடாது, கிருமித் தொற்றுக்கும் எளிதில் இடம் கொடுக்கும். ராடு மறுபடி மதிப்புப் பெற இந்த அனுபவமும் ஒரு காரணம். ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் ராடு முறையை 1940-லேயே முன்வைத்திருந்தார். அதில் உடைந்த இடத்தைத் திறக்கவே தேவையில்லை. தொடையின் நீளம், நேர்க்கோடு, திருகாமை ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் போதும், நடுவில் துண்டுகள் கலைந்து கிடந்தாலும் காலஸ் அவற்றை அணைத்துக்கொள்ளும்.

அப்படியானால் கைக்கும் ராடு வைத்துக் காலஸிடம் விட்டுவிடலாமே என்று தோன்றலாம். முன்கையின் இரு எலும்புகளும் ஒன்றையொன்று சுற்றித் திரும்புவதால்தான் நம்மால் உள்ளங்கையைத் திருப்பிச் சோறு அள்ள முடிகிறது. அவற்றின் வளைவு சிறிது மாறினாலும் அந்தத் திருப்பம் குறைந்துபோகும். மூட்டுக்குள் ஓடும் முறிவுகளுக்கும் இதே விதிதான். மூட்டின் வழவழப்பான பரப்பில் படிக்கட்டு போன்ற மேடுபள்ளம் இருக்கக் கூடாது. இந்த இடங்களில் துல்லியமாகப் பொருத்தி அசைவை நிறுத்துவதே சரி.

தோல்வி பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கும் நடுவில் நின்றுவிடும்போதுதான் வருகிறது. ஒற்றைக்கோட்டு முறிவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை விட்டு, விறைப்பான பிளேட்டால் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? முனைகள் தொடாததால் சுரங்கங்கள் தாண்ட வழியில்லை. காலஸ் வளரத் தேவையான தூண்டுதலும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை கையை வீசும்போதும் பாரம் முழுவதும் பிளேட்டின் அந்த ஒரு சிறு பகுதியில் விழுகிறது. உலோகமும் களைத்துப்போகும், சில மாதங்களில் உடையும். "பிளேட் தரமில்லை" என்று குடும்பம் நினைக்கும். எலும்பு கூடாததால் பிளேட் உடைந்தது என்பதே பெரும்பாலும் உண்மை.

அழுத்திப் பொருத்திய கையில், சில வாரங்களில் முறிவுக் கோட்டின் அருகே மங்கலான காலஸ் தோன்றினால் நாம் நினைத்த அசைவின்மை அங்கே இல்லை என்று பொருள். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம், அகலமாகிக்கொண்டே போகும் கோடு, குறையாத வலி ஆகியவை இதற்குத் துணைச் சாட்சிகள். ராடு வைத்த தொடையில் மூன்று மாதம் ஆகியும் காலஸே இல்லையென்றால் கவலை அங்கே. ரத்த ஓட்டம் குறைவோ, கிருமியோ, புகைப்பழக்கமோ, சர்க்கரையோ காரணமா என்று தேடுவார்கள். காலஸ் இருபுறமும் பெரிதாக விரிந்தும் நடுவில் கோடு மட்டும் மறையாமல் நின்றால், உடல் கட்டத் தயாராக இருக்கிறது, அசைவுதான் அதிகம். அங்கே இன்னும் தடித்த ராடு போட்டு உறுதியைக் கூட்டினாலே பெரும்பாலும் கூடிவிடும்.

தொடை கூடிவிட்டதா என்று பார்க்க, முன்புறமும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுத்து, தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது காலஸ் பாலமிட்டிருக்கிறதா என்று எண்ணுவார்கள். கைக்கு அந்த வசதி இல்லை. கோடு மறைந்த பிறகும் உள்ளே சுரங்க வேலை நீண்ட காலம் நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் முன்கைப் பிளேட்டை எடுப்பதாக இருந்தாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எடுக்கத் தயங்குகிறார்கள். அவசரப்பட்டு எடுத்தால் பழைய முறிவிலோ, ஸ்க்ரூ இருந்த ஓட்டையிலோ எலும்பு மறுபடி உடையக்கூடும். தொந்தரவு தராத பிளேட்டைப் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.