வயிறு ஏன் வீங்குகிறது, ரத்தம் ஏன் வாயில் வருகிறது?

குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரல் வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகினால் (சிரோசிஸ்) அந்த வழி அடைபடுகிறது; பின்னால் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகமும் உப்பைப் பிடித்துவைக்க, நீர் வயிற்றுக்குள் கசிந்து தேங்குகிறது. உணவுக்குழாயின் மெல்லிய ரத்தக்குழாய்களோ புடைத்து, சிலருக்கு ஒருநாள் வெடிக்கின்றன. அதுதான் ரத்த வாந்தி.

வீட்டில் முதல் வேலை உப்பைக் குறைப்பது. நாள் முழுக்க எல்லா உணவிலும் சேர்த்து ஒரு சிறு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சித்தூர்ப் பக்கம் ஆவக்காயும் அப்பளமும் இல்லாத சாப்பாடு கஷ்டம்தான், ஆனாலும் அவற்றைத் தள்ளியே வைக்க வேண்டும். பருப்பு, முட்டையைக் குறைக்காதீர்கள், தசை கரைந்துவிடும். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். நீரோடு காய்ச்சலோ வயிற்றுவலியோ சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

மலம் தார்போல் கறுத்தாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். ரத்தம் கக்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். சித்தூரிலிருந்து திருப்பதி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 70 கி.மீ. அதனால் ரத்தம் நிற்குமா என்று காத்திருக்காதீர்கள். எண்டோஸ்கோப்பி வழியாக, வெடித்த ரத்தக்குழாயில் ரப்பர் வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்தலாம்.